"பேப்பரைப் பாத்ததும் எல்லாமே மறந்துபோச்சு": பரீட்சை ஹால்ல நடக்கிறது என்ன?

(எபிசோடுல பேசினதைக் கொஞ்சம் சுருக்கி, திருத்தி எழுத்துல தந்திருக்கோம். பேச்சுநடையை அப்படியே விட்டிருக்கோம்.)

இன்னைக்குப் பேசப்போறது பரீட்சை பயத்துல ஒரே ஒரு துண்டைப் பத்தி மட்டும். "நல்லாத்தான் படிச்சேன், கேள்வித்தாளைப் பாத்ததும் எல்லாம் மறந்துபோச்சு." பிளஸ் டூ, பத்தாவது பசங்க என்கிட்ட அதிகமாச் சொல்ற வாக்கியம் இதுதான். அவங்க அப்பா அம்மா சொல்ற வாக்கியமும் கிட்டத்தட்ட இதேதான்: "வீட்ல நல்லாத்தாங்க சொல்றா, ஸ்கூலுக்குப் போனா எழுத மாட்டேங்குறா."

நான் போடி பக்கம் சிலமலை, ராசிங்காபுரம், தேவாரம் இந்த ரூட்ல இருக்கிற பிள்ளைங்களோட வேலை பார்க்கிற ஆலோசகர். டாக்டர் கிடையாது. அதனால இங்க மருந்து, நோய்ப்பெயர் எதுவும் வராது. இதைக் கேக்குற உங்கள்ல நிறைய பேர் சென்னையிலயோ கோயம்புத்தூர்லயோ பெங்களூர்லயோ வேலையில இருப்பீங்க. ஊர்ல ஒரு தம்பியோ தங்கச்சியோ அக்கா பொண்ணோ பரீட்சை எழுதப் போகும். "எப்படிப் படிக்கிற?"ன்னு போன் போடுறது நீங்கதான். அதனால இந்த எபிசோடு உங்களுக்கும் சேர்த்துத்தான்.

ஒரு பொண்ணோட கதையை வச்சுச் சொல்றேன். இது தனி ஒரு ஆளோட கதை இல்ல. ரெண்டு மூணு பேரோடதைச் சேர்த்து, அடையாளம் தெரியாதபடி மாத்தியிருக்கேன். பேர் வேண்டாம், "அவ"ன்னே வச்சுக்குவோம்.

இயற்பியல் பேப்பர், 40 நிமிஷம்

அவ பிளஸ் டூ, தமிழ் மீடியம். அப்பா அம்மா ரெண்டு பேரும் ஏலத்தோட்ட வேலை. காலையில இருட்டோட ஜீப் வரும். போடிமெட்டு ஏறி, கேரளா பக்கம் தோட்டத்துக்குப் போய்ட்டு, பொழுது சாய்ஞ்சுதான் வீடு திரும்புவாங்க. இந்தப் பக்கத்துக் குடும்பங்கள் நிறையவற்றுக்கு இதுதான் அன்றாடம்.

அரையாண்டுத் தேர்வுல இயற்பியல்ல 70க்கு 21 எடுத்திருந்தா. விடைத்தாளைக் கொண்டு வரச் சொன்னேன். மார்க்கை விட முக்கியமான தகவல் அதுல இருந்துச்சு. அஞ்சு மார்க் கேள்வி ரெண்டு முழுசா வெள்ளையா இருந்துச்சு. அதுக்கு அப்புறம் இருந்த, அவளுக்குத் தெரிஞ்ச ரெண்டு கேள்வி பாதியோட நின்னுபோயிருந்துச்சு. என்ன நடந்துச்சுன்னு கேட்டேன். "முதல் கேள்வி வரல மிஸ். யோசிச்சுக்கிட்டே உக்காந்திருந்தேன். மணி பாத்தா நாப்பது நிமிஷம் போயிடுச்சு. அப்புறம் கை நடுங்குச்சு."

எழுத வேண்டிய நேரம் 180 நிமிஷம். அதுல 40 போனா நாலுல ஒரு பங்குக்குக் கொஞ்சம்தான் குறைவு. அவ இழந்தது வெள்ளையா விட்ட பத்து மார்க் மட்டும் இல்ல, கடைசியில எழுத நேரமில்லாமப் போன மார்க்கும் சேர்த்து.

அப்ப நான் கேட்ட ஒரே கேள்வி: "அந்த ரெண்டு விடையும் பிறகு ஞாபகம் வந்துச்சா?"

அவ யோசிச்சுச் சொன்னா: "மின்மாற்றி கேள்வி பஸ்ல வரும்போதே வந்துருச்சு மிஸ், முழுசா. மின் இருமுனை மட்டும் வரல. வீட்ல போய் புத்தகத்தைப் பாத்துத்தான் தெரிஞ்சுச்சு."

இந்த பதில்ல ரெண்டு வெவ்வேறு பிரச்சினை இருக்கு. வீட்ல எல்லாரும் ரெண்டையும் சேர்த்து "மறதி"ன்னு ஒரே பேர் வச்சிட்டாங்க. ஒண்ணு, உள்ள இருக்கு, அந்த நேரத்துல எடுக்க முடியல. இன்னொண்ணு, உள்ளயே சரியாப் போகல. முதலாவதுக்கு ஹாலுக்குள்ள செய்ய வேண்டிய வேலை இருக்கு. ரெண்டாவதுக்கு வீட்ல படிக்கிற விதத்தை மாத்தணும். இதை மாத்திப் புரிஞ்சுக்கிட்டு, பதட்டப்படுற பிள்ளையை "இன்னும் படி"ன்னு சொன்னாலும், சரியாப் படியாத பாடத்துக்கு "தைரியமா இரு"ன்னு சொன்னாலும், ரெண்டுமே வேலைக்காகாது.

உங்க வீட்டுப் பிள்ளைக்கும் இந்தச் சோதனையைச் செய்யலாம். பரீட்சை முடிஞ்சு பஸ்ல, இல்ல வீட்டு வாசல்ல விடை தானா வந்துச்சா? வந்தா அது பதட்டம். மறுநாள் புத்தகத்தை மூடி வச்சு எழுதினாலும் வரலையா? அப்ப அது படிப்பு முறை.

பதட்டம் எங்க இடத்தைப் பிடிக்குது

முதல்ல பதட்டத்தை எடுத்துக்குவோம். நாம ஒரு கணக்கைப் போடும்போது, அதுக்குத் தேவையான நாலஞ்சு விஷயத்தை மனசுல ஒரே நேரத்துல பிடிச்சு வச்சிருக்கோம். என்ன கேட்டிருக்காங்க, எந்த சமன்பாடு, இப்ப எந்தப் படியில நிக்கிறோம், இதெல்லாம். இப்படிப் பிடிச்சு வைக்கிற இடம் ரொம்பச் சின்னது. உளவியல்ல இதைச் செயல்படு நினைவுன்னு சொல்லுவாங்க. சமையல் மேடைன்னு நினைச்சுக்குங்க. அலமாரி எவ்வளவு பெருசா இருந்தாலும் மேடையில ஒரே நேரத்துல கொஞ்சம் பாத்திரம்தான் வைக்கலாம்.

"இது வரலைன்னா ஃபெயில்தான். அம்மா என்ன சொல்லுவாங்க? பக்கத்துல இருக்கிறவ அடிஷனல் ஷீட் வாங்கிட்டா." இந்த நினைப்பும் அதே மேடையிலதான் உக்காருது. மேடை நிறைஞ்சுபோனா அலமாரியில இருக்கிறதை எடுத்து வைக்க இடம் இல்ல. மின்மாற்றி விடை எங்கயும் போகல, அலமாரியிலதான் இருந்துச்சு. பஸ்ல உக்காந்து மேடை காலியானதும் தானா வந்துருச்சு.

இதயம் படபடன்னு அடிக்கிறது, உள்ளங்கை வேர்க்கிறது, வயித்தைப் பிசையிறது, இதெல்லாம் உடம்பு ஒரு பெரிய வேலைக்குத் தயாராகுறதோட அடையாளம். அதை நிறுத்தணும்னு போராட வேண்டாம். போராடுறதும் மேடையில இன்னொரு பாத்திரம்தான். "உடம்பு ரெடியாகுது, கொஞ்ச நேரத்துல குறையும்"னு பேர் வச்சிட்டு அடுத்த வேலைக்குப் போறதுதான் வழி. அந்த அடுத்த வேலை என்னன்னு முன்கூட்டியே முடிவாகி இருக்கணும். பயந்திருக்கிற நேரத்துல புதுசா முடிவெடுக்கிறது கஷ்டம்.

10 மணியில இருந்து 10.15 வரைக்கும்

நம்ம பொதுத்தேர்வுல இதுக்கு வசதியா ஒரு நேரம் இருக்கு. 10 மணிக்குக் கேள்வித்தாள் கைக்கு வரும். 10 நிமிஷம் படிக்க, அடுத்த 5 நிமிஷம் விடைத்தாள்ல இருக்கிற விவரங்களைச் சரிபார்க்க. எழுத ஆரம்பிக்கிறது 10.15க்கு, முடிக்கிறது 1.15க்கு. அந்த 10 நிமிஷத்தைப் பெரும்பாலான பிள்ளைங்க "தெரியாதது எத்தனை"ன்னு எண்ணத்தான் செலவு பண்றாங்க. நாங்க அதை மாத்தினோம். தெரிஞ்சதை மட்டும் எண்ணணும். தெரிஞ்ச கேள்வி எண்களை மனசுல வரிசையாச் சொல்லிக்கிட்டே கடைசிப் பக்கம் வரைக்கும் போகணும். தெரியாத கேள்வியில கண் நிக்கக்கூடாது.

அப்புறம் நேரக்கணக்கு. இயற்பியல் எழுத்துத்தேர்வு 70 மார்க். ஒரு மார்க் 15, ரெண்டு மார்க் 6, மூணு மார்க் 6, அஞ்சு மார்க் 5. அவளே உக்காந்து போட்ட கணக்கு இது: ஒரு மார்க்குக்கு மொத்தம் 20 நிமிஷம், ரெண்டு மார்க்குக்கு 30, மூணு மார்க்குக்கு 45, அஞ்சு மார்க்குக்கு 65. கூட்டினா 160. மிச்சம் 20 நிமிஷம். அந்த 20 நிமிஷம் எதுக்குன்னா, விட்டுட்டு வந்த இடத்துக்குத் திரும்பிப் போறதுக்கு.

"விட்டுட்டு வர்றது"தான் அவளுக்கு ரொம்பக் கஷ்டமா இருந்துச்சு. ஒரு கேள்வியை விட்டா தோத்த மாதிரின்னு நினைச்சா. இதுக்கு விடை சொன்னது நான் இல்ல, அவ அம்மா. ஒருநாள் ரெண்டு பேரும் சேர்ந்து வந்திருந்தாங்க. நான் சொல்றதைக் கேட்டுட்டு அம்மா சொன்னாங்க: "இதென்ன தாயி பெரிய விஷயம்? ஏலக்காய் எடுக்கிறப்ப முத்துன காயை மட்டும்தான எடுக்கிறோம்? பிஞ்சை விட்டுட்டுத்தான அடுத்த செடிக்குப் போறோம்? அடுத்த ரவுண்டு வர்றப்ப அது முத்தியிருக்கும்." ஏலத்துல ஒரே தடவையில அறுவடை முடியாது. ஒரு சீசன்ல அதே செடிக்குப் பல தடவை திரும்ப வரணும். பிஞ்சுகிட்டயே நின்னா அன்னைக்குக் கூடை நிறையாது. அதுக்குப் பிறகு நான் எதுவும் விளக்க வேண்டியிருக்கல.

அதனால ஹாலுக்குள்ள விதி இதுதான். ஒரு கேள்வி வரலைன்னா பேனாவைக் கீழ வைக்கணும். ரெண்டு பாதமும் தரையில பதியணும். மூச்சை உள்ள இழுக்கிறதை விட வெளிய விடுறதைக் கொஞ்சம் நீளமா, மூணு தடவை. அரை நிமிஷம்கூட ஆகாது. அப்புறம் படமோ சமன்பாடோ தெரிஞ்ச வரியோ எது வருதோ அதை எழுதிடணும். கடைசி வரைக்கும் போகலைன்னாலும் சரியா எழுதின படிக்கு மார்க் உண்டு. மிச்சத்துக்கு முக்கால் பக்கம் இடம் விட்டு, கேள்வி எண்ணைப் போட்டு, அடுத்ததுக்குப் போயிடணும். வேற கேள்வி எழுதிக்கிட்டிருக்கும்போதே விட்டது ஞாபகம் வர வாய்ப்பு அதிகம். மின்மாற்றிக்குப் பஸ் வேலை செஞ்ச மாதிரிதான்.

இதுல ஒரு எல்லை இருக்கு. இதைப் பரீட்சை அன்னைக்கு முதல்தடவையாச் செஞ்சா பலிக்காது. ஸ்கூல்ல திருப்புதல் தேர்வு வைக்கிறாங்கல்ல, அதுல ரெண்டு மூணு தடவை வேணும்னே செஞ்சு பழகணும். நல்லாத் தெரிஞ்ச கேள்வியைக்கூட பாதியில நிறுத்தி, இடம் விட்டுப் போய், திரும்பி வந்து எழுதிப் பாக்கணும். அப்பதான் இடம் விடுறது பயமா இல்லாம ஒரு பழக்கமா மாறும்.

படிச்ச மாதிரி இருக்கு, ஆனா வரல

இப்ப ரெண்டாவது பிரச்சினை, மின் இருமுனை. அவ எப்படிப் படிச்சான்னு கேட்டேன். காலையில நாலு மணிக்கு எந்திரிச்சு, நோட்டைத் திறந்து வச்சு, சத்தமா அஞ்சாறு தடவை வாசிப்பா. அஞ்சாவது தடவை வாசிக்கும்போது எல்லாம் சரளமா வரும். "தெரிஞ்சிருச்சு"ன்னு தோணும். அப்பா அம்மாவுக்கும் அப்படித்தான் தோணும், சத்தம் கேக்குதே!

அந்தச் சரளம்தான் ஏமாத்துது. கண்ணு முன்னால இருக்கிறதை அடையாளம் தெரிஞ்சுக்கிறது ஒரு வேலை, ஒண்ணுமே இல்லாம வெறும் தாள்ல எடுத்து எழுதுறது வேற வேலை. பரீட்சை கேக்குறது ரெண்டாவதை. நாம பழகுறது முதலாவதை.

இதைப் பத்தி அமெரிக்காவுல ரோடிகர், கார்பிக்கேன்னு ரெண்டு உளவியலாளர்கள் 2006ல ஒரு ஆய்வு வெளியிட்டாங்க. கல்லூரி மாணவர்கள் ஒரு பாடப்பகுதியை ரெண்டு தடவை வாசிச்சாங்க. இன்னொரு பாடப்பகுதியை ஒரு தடவை வாசிச்சு, அடுத்த தடவை புத்தகம் இல்லாம ஞாபகம் இருக்கிறதை எழுதினாங்க. அஞ்சு நிமிஷம் கழிச்சுச் சோதிச்சா, ரெண்டு தடவை வாசிச்சதுதான் முன்னால: 81 சதவீதம், எழுதிப் பாத்தது 75. ஆனா ஒரு வாரம் கழிச்சுச் சோதிச்சா தலைகீழ். வாசிச்சது 42, எழுதிப் பாத்தது 56. ராத்திரி வாசிச்சா காலையில தெரிஞ்ச மாதிரி இருக்கிறதுக்கும், மார்ச்சுல காணாமப் போறதுக்கும் காரணம் இதுலயே இருக்கு.

அதனால முறையை மாத்தினோம். மின் இருமுனையால அச்சுக்கோட்டுல வர்ற மின்புலம், அந்த ஒரு கேள்வியை மட்டும் எடுத்தோம். அதை அஞ்சு படியாப் பிரிச்சோம்: படம், நேர் மின்துகளோட புலம், எதிர் மின்துகளோட புலம், ரெண்டையும் சேர்க்கிறது, தூரம் அதிகம்னு வச்சுச் சுருக்குறது. ஒரு தடவை புரிஞ்சு வாசிச்சா. நோட்டை மூடினா. வெள்ளைத்தாள்ல எழுதினா.

முதல் நாள் ரெண்டு படிதான் வந்துச்சு, கண்ணுல தண்ணி வந்துருச்சு. "எனக்கு ஒண்ணுமே தெரியல மிஸ்." இந்த இடத்துலதான் பெரும்பாலானவங்க இந்த முறையை விட்டுட்டு மறுபடி வாசிக்கப் போயிடுறாங்க. ஏன்னா வாசிக்கிறது சுகமா இருக்கு, இது வலிக்குது. ஆனா அந்த வெள்ளைத்தாள் புதுசா எதையும் கெடுக்கல. மார்ச்சுல தெரிய வேண்டியதை ஜனவரியிலயே காட்டிருச்சு, அவ்வளவுதான். விட்ட மூணு படியை மட்டும் பாத்துட்டு நோட்டை மூடச் சொன்னேன். மறுநாள் எழுதினப்ப மூணு படி வந்துச்சு. ரெண்டு நாள் விட்டு எழுதினப்ப அஞ்சும் வந்துச்சு, ஆனா நாலாவதுல கழித்தல் குறிக்குப் பதிலாக் கூட்டல் குறி. ஒரு வாரம் விட்டு எழுதினப்ப முழுசாச் சரி. நாலு தடவையும் சேர்த்து ஆன நேரம் ஒரு மணிக்கும் குறைவு. அஞ்சாறு தடவை சத்தமா வாசிக்க இதைவிட அதிகமா ஆகியிருந்துச்சு.

இடைவெளி விட்டு எழுதுறதும் முக்கியம். கொஞ்சம் மறந்த பிறகு கஷ்டப்பட்டு எடுக்கிறதுதான் பதியும். ஒரே ராத்திரியில நாலு தடவை எழுதினா அதே பலன் கிடைக்காது.

இன்னொரு மாற்றம் தூக்கம். அவ படுக்கிறது பதினொன்றரை, எந்திரிக்கிறது நாலு. ஜீப்புக்காக வீடே நாலு மணிக்கு எந்திரிக்குது. சமைக்கணும், தூக்குச்சட்டியில கட்டணும். அந்தச் சத்தத்துல அவளும் முழிச்சுக்குவா. காலையில கூடுதலாத் தூங்கச் சொல்றது அந்த வீட்ல நடக்காத காரியம். அதனால ராத்திரிப் பக்கம் நகர்த்தினோம், ஒன்பதரைக்கு விளக்கை அணைக்கிறதுன்னு. பகல்ல படிச்சது நினைவுல உறுதிப்படுறதுல தூக்கத்துக்குப் பெரிய பங்கு இருக்கு. "ராத்திரி ரெண்டு மணி நேரம் போகுதே"ன்னு அப்பாதான் கவலைப்பட்டார். அந்த ரெண்டு மணி நேரத்துல அவ வாசிச்ச பக்கத்தையே திரும்ப வாசிச்சுக்கிட்டு இருந்தான்னு சொன்ன பிறகு விட்டுட்டார்.

அப்பா அம்மாவுக்கு

"எங்களுக்குப் படிப்பு வராதுங்க, நாங்க என்ன செய்யிறது?"ன்னு கேப்பாங்க. செய்யிறதுக்கு ஒரு வேலை இருக்கு. புத்தகத்தை நீங்க கையில வச்சுக்குங்க, பிள்ளை மூடின கண்ணோட சொல்லட்டும். உங்களுக்குப் புரிய வேண்டாம். அஞ்சு படியில எத்தனை சொன்னான்னு விரல்ல எண்ணினாப் போதும். அவ அப்பா வாரத்துல ரெண்டு நாள் இதைச் செஞ்சார். அவருக்குப் படத்துல எங்க நேர்க்குறி, எங்க எதிர்க்குறின்னு பாக்கத் தெரிஞ்சது, அதுவே பெரிய உதவியா இருந்துச்சு.

அடுத்தது ஒரு வாக்கியம். "உனக்காகத்தாண்டா இந்த மலை ஏறி இறங்குறோம்." இதுல பொய் இல்ல. பிள்ளைக்கும் அது தெரியும். மார்ச், ஏப்ரல் வேற, காய் எடுக்கிற சீசன் முடிஞ்சு வேலை நாள் குறையிற காலம். வீட்ல காசு இறுகுறதும் பரீட்சை வர்றதும் ஒரே நேரத்துல நடக்குது. அப்ப அந்த வாக்கியம் பிள்ளை காதுல "நீ மார்க் எடுத்தாத்தான் எங்க கஷ்டத்துக்கு அர்த்தம்"னு விழுது. ஹாலுக்குள்ள மேடையில உக்காருற பெரிய பாத்திரமே இதுதான். அதைச் சொல்லாம இருக்க முடியலைன்னா, பரீட்சை முடிஞ்ச பிறகு சொல்லுங்க. இப்பச் சொல்ல வேண்டியது சின்ன விஷயம்: "நாளைக்கு எத்தனை மணிக்குக் கிளம்புற? ஹால் டிக்கெட் எடுத்து வச்சியா?"

சாயங்காலம் ஜீப்பை விட்டு இறங்கினதும் முதல் கேள்வி "எப்படி எழுதின?"ன்னு இருக்க வேண்டாம். "சாப்பிட்டியா?" போதும். ஒரு மார்க் விடைகளை வாட்ஸ்அப்ல சரிபாக்குறதை அடுத்த பரீட்சை முடியிற வரைக்கும் தள்ளி வைக்கலாம். முடிஞ்ச பேப்பர்ல ஒரு மார்க்கும் கூடாது, வரப்போற பேப்பருக்கான தூக்கம்தான் கெடும்.

வெளியூர்ல இருக்கிற அண்ணன் அக்காவுக்கும் இதேதான். "எவ்வளவு போர்ஷன் முடிஞ்சுது?"ன்னு கேக்காம, "இன்னைக்கு மூடி வச்சு எழுதினதுல எது வந்துச்சு? ஒண்ணு சொல்லேன்"னு கேளுங்க. அஞ்சு நிமிஷம் போதும்.

ஃபெயில்ங்கிற வார்த்தையோட அளவு

பயத்துக்கு ஒரு அளவு தெரிஞ்சா அது கொஞ்சம் சின்னதாகும். இயற்பியல் மாதிரி செய்முறை இருக்கிற பாடத்துல எழுத்துத்தேர்வு 70, செய்முறை 20, அகமதிப்பீடு 10. தேர்ச்சிக்கு மொத்தம் 35 வேணும், எழுத்துத்தேர்வுல குறைஞ்சது 15 இருக்கணும். அரையாண்டுல எடுத்த 21 அவளுக்கு உலகம் முடிஞ்ச மார்க்காத் தெரிஞ்சது. தாள்ல கூட்டிப் பாத்தோம். செய்முறையும் அகமதிப்பீடும் சேர்த்து 14 கிடைச்சாலே அதே 21க்குத் தேர்ச்சி. அதோட நிறுத்திக்கணும்னு சொல்லல. போடியில இருக்கிற அரசு பொறியியல் கல்லூரி அவளோட ஆசை. அதுக்குக் கணக்கு, இயற்பியல், வேதியியல் மூணும் நல்லா வேணும்னு அவளுக்கே தெரியும். ஆனா "கூட எடுக்கணும்"ங்கிறது வேற, "ஃபெயில் ஆயிருவேன்"ங்கிறது வேற. முதலாவது படிக்க வைக்கும். ரெண்டாவது உறைய வைக்கும்.

ஒருவேளை ஒரு பாடம் போனாலும், ரிசல்ட் வந்த சில வாரத்துலயே துணைத்தேர்வு இருக்கு. அதுல பாஸ் பண்ணி அதே வருஷம் காலேஜ்ல சேர வாய்ப்பு இருக்கு. இதைப் பரீட்சைக்கு முன்னாலயே வீட்ல ஒரு தடவை சாதாரணமாப் பேசி வைங்க. "அபசகுனமாப் பேசாதீங்க"ன்னு சிலர் சொல்லுவாங்க. அடுத்த வழி ஒண்ணு இருக்குன்னு பெத்தவங்க வாயால கேட்ட பிள்ளை, ஹால்ல மேடையைக் கொஞ்சம் காலியா வச்சிருக்கும். தமிழ்நாடு அரசே 2017ல பொதுத்தேர்வு முடிவுகள்ல மாநில, மாவட்ட முதலிடங்களை அறிவிக்கிறதை நிறுத்திருச்சு. பிள்ளைங்க மேல விழுற ஒப்பீடைக் குறைக்கத்தான் அது. அரசு விட்டதைத் தெருவுல நாம தொடர வேண்டாம்.

இது பரீட்சை பயம் மட்டும் இல்லைன்னு எப்பத் தெரியும்

நான் இதுவரைக்கும் சொன்னது சாதாரணப் பதட்டத்துக்கு. பேப்பர் முடிஞ்சா அது இறங்கும். இறங்காம, நாள்கணக்கில தூக்கமோ சாப்பாடோ இல்லாம இருந்தா, பிடிச்ச பிரெண்டுகிட்டகூடப் பேசாம ஒதுங்கினா, "நான் இல்லைன்னா உங்களுக்கு நிம்மதி"ங்கிற மாதிரிப் பேச்சு வந்தா, அதை நடிப்புன்னு தள்ளாதீங்க. பக்கத்துல உக்காந்து நேராவே கேளுங்க: "செத்துப்போகலாம்னு தோணுதா, தாயி?" இப்படிக் கேக்குறதால அந்த எண்ணம் புதுசா வந்துராது. கேக்க ஒரு ஆள் இருக்குன்னுதான் தெரியும். அறிவுரை வேண்டாம், முழுசாக் கேளுங்க. தனியா விடாதீங்க. ரிசல்ட் அன்னைக்குக் கட்டாயம் வீட்ல ஒரு பெரியவங்க இருங்க. அன்னைக்கு ஒருநாள் கூலி போனாப் போகட்டும்.

உதவிக்குத் தமிழ்நாடு அரசோட 104, மத்திய அரசோட டெலி-மானஸ் 14416, ரெண்டுலயும் எந்த நேரமும் தமிழ்ல பேசலாம், காசு கிடையாது. நேர்ல பாக்கணும்னா தேனி க.விலக்கு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில மனநலப் பிரிவு இருக்கு. அங்க போறதால பிள்ளைக்கு ஒரு முத்திரையும் விழாது.

அவ இயற்பியல் பரீட்சை எழுதிட்டு வந்து என்கிட்ட மார்க் எதையும் கணிச்சுச் சொல்லல. "மூணு இடத்துல இடம் விட்டுட்டுப் போனேன் மிஸ், ரெண்டுக்குத் திரும்பி வந்துட்டேன்"னு மட்டும் சொன்னா. மூணாவதுல படமும் முதல் ரெண்டு வரியும் எழுதியிருந்தா.

உங்க வீட்ல யாராவது இந்த வருஷம் எழுதுறாங்கன்னா, இன்னைக்கு ராத்திரி ஒரே ஒரு கேள்வி எடுத்துக்கச் சொல்லுங்க. வாசிச்சு, மூடி, வெள்ளைத்தாள்ல எழுதச் சொல்லுங்க. ரெண்டு வரிதான் வந்துச்சுன்னா அது ரெண்டு வரி. நாளைக்கு மூணு வரும். அடுத்த எபிசோடுல ரிசல்ட்டுக்கும் காலேஜ் சேர்க்கைக்கும் நடுவுல இருக்கிற வாரங்களைப் பத்திப் பேசுவோம்.